நாற்பத்திரண்டிற் பதினேழு போனால்

2022-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் திருப்பூரிலுள்ள என் தமக்கையார் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தேன். பெருமாநல்லூர்ச் சாலையையொட்டிய ஒரு சந்தில் அவ்வீடு உள்ளது. முன்கட்டில் நான்கு தையல் இயந்திரங்களை வைத்து என் மைத்துனர் பவர் டேபிள் நடத்துகின்றார், பின்கட்டிற் குடியிருப்பு. இக்கல்லூரியிற் கணிதம் பயின்று, கணிதம் கற்பித்தே வயிறு வளர்ப்பவன் யானாதலின், "சும்மா இருக்கிற நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடேன், தம்பி" என்று தமக்கையார் கேட்டார். மாலைதோறும் இரு குழந்தைகள் என் முன் வந்தமர்ந்தனர். ஒருத்தி தமக்கையாரின் மகள், ஒன்பது வயதினள். மற்றவன் அடுத்த வீட்டுச் சிறுவன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்தினன். இருவரும் நான்காம் வகுப்பை ஒரே பள்ளியில் முடித்திருந்தனர்.

முதல் நாள் 42-ல் 17 போக மீதி யாது என்று கேட்டேன். இருவரும் 35 என்றே எழுதினர். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று. மேலே இருப்பது கீழே இருப்பது என்று பாராமற் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது ஆசிரியர் அனைவரும் அறிந்த பழைய பிழையே. பிழை ஒன்றாயிருந்தமையால் நோயும் ஒன்றே என்றெண்ணி மருந்தும் ஒன்றே கொடுக்கத் தலைப்பட்டேன். அங்ஙனம் எண்ணியது தவறென்று தெளிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவ்விரண்டு மாதத்தில் அப்பெண்ணின் தலையில் யான் குட்டிய குட்டுக்களை இப்பொழுது நினைப்பினும் நாணமாகவே இருக்கின்றது.

மருந்து மிக எளியதே. துடைப்பத்து ஈர்க்குகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாகச் சேர்த்து, டேபிளின் கீழே குவிந்துகிடக்கும் கட்டிங் வேஸ்ட் துணிநாடாவாற் கட்டிக்கொண்டோம். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் 42 ஆகும். பதினேழை எடுக்கவேண்டின் உதிரி இரண்டே இருத்தலால் ஒரு கட்டை அவிழ்க்கவேண்டும்; அப்பொழுது மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகின்றன. உதிரியில் ஏழை எடுத்தால் ஐந்து, கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு, மீதி 25. சிறுவன் இதனை இரண்டு மாலை கூர்ந்து பார்த்தான். மூன்றாம் மாலை ஈர்க்கைத் தொடாமலே, "ஒரு கட்டைப் பிரிச்சாப் போதும் சார்" என்று கூறித் தாளில் விடையை எழுதினான். நூற்றைக் கடந்த கழித்தலையும் அவ்வாரத்திலேயே தானாகச் செய்தான்.

அவனுக்கு நேர்ந்தது யாதெனப் பின்னர் விசாரித்தேன். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், சிறுவகுப்புக் குழந்தைகட்கு 2021 நவம்பர் முதல் நாளிலேதான் திறக்கப்பட்டன. அவ்வொன்றரை யாண்டிற்கு மேற்பட்ட காலமும் அவன் ஊரிலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். கடன் வாங்கிக் கழித்தல் என்னும் பாடம் அவன் காதில் விழவேயில்லை. ஏணியில் ஒரு படி இல்லாமையால் நின்றவன், படியை வைத்ததும் ஏறிவிட்டான். கணக்கு வரவில்லை என்று நாம் சொல்லும் குழந்தைகளிற் பெரும்பாலார் இத்தகையோரே. பாடத்தைத் தவறவிட்டவர், விளங்காத மொழியிற் கற்றவர், உபாத்தியாயரின் பிரம்பைக் கண்டு நடுங்கியவர், கரும்பலகையைச் சரியாய்க் காணும் கண்ணில்லாதவர் என்று பல திறத்தார் இதனுள் அடங்குவர்.

ஆனால் என் தமக்கையார் மகளோ அக்காலத்திற் பாடம் தவறியவளல்லள். தாயார் கைப்பேசியில் வந்த பாடங்களையெல்லாம் உடனிருந்து படிப்பித்திருந்தார். அவள் தமிழை ஆற்றொழுக்காக வாசிப்பாள். கேட்ட கதையை வரி பிசகாது திருப்பிச் சொல்வாள். அறுந்த தையலையும் எண்ணெய்க் கறையையும் செக்கிங் செய்யும் பெரியவர்களினும் விரைவிற் கண்டுபிடிப்பாள். ஈர்க்குக் கட்டை அவளிடம் கொடுத்தபொழுதோ வேறொன்று கண்டேன். கட்டை அவிழ்த்தவுடன் அதிலுள்ளவற்றை ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணினாள். பத்து வந்தது. மீண்டும் கட்டி அவிழ்த்துக் கொடுத்தேன்; மீண்டும் எண்ணினாள். "இப்போதுதானே எண்ணினாய், அம்மிணி?" என்றேன். "அவுத்துட்டீங்களே மாமா, மறுக்கா எண்ணட்டுமா?" என்றாள். கட்டிய பத்தும் அவிழ்ந்த பத்தும் ஒன்றே என்பது அவளுக்குச் சொல்லாகத் தெரியும், பொருளாகத் தெரியவில்லை. இதனை அப்பொழுது யான் அறிந்தேனில்லை. கவனக்குறைவு என்றே கொண்டு குட்டினேன்.

என் கண்ணைத் திறந்தவர் எங்கள் பாட்டியார். அவர் எழுத்தறியாதவர். பல்லாங்குழி ஆடுங்கால் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்துவிட்டால் அதனைப் 'பசு' என்று அக்குழிக்குரியவர் எடுத்துக்கொள்வது வழக்கம். "இவளோட ஆடினால் எல்லாப் பசுவும் எனக்கேதான் கண்ணு. குழியிலே நாலு விழுந்தது இவளுக்குத் தெரியவே மாட்டேங்குது. எண்ணிப் பார்த்துக்கிட்டே இருக்கிறாள்" என்று ஒரு நாள் பாட்டியார் நகைத்தார். அச்சொல் என் உள்ளத்திற் றைத்தது. நான்கு காயை யாரேனும் எண்ணுவரோ? பார்த்த மாத்திரத்தில் நான்கு என்று தெரியவேண்டுமன்றோ?

அன்றிரவே அட்டைகளில் ஒன்று முதல் ஆறு வரை புள்ளிகளை ஒழுங்கின்றி இட்டு, மறுநாள் ஒவ்வோர் அட்டையையும் ஒரு கணம் காட்டி மறைத்தேன். சிறுவன் நான்கு வரை தடையின்றிச் சொன்னான். ஐந்திலும் ஆறிலும் சிறிது தடுமாறினான். அதுவே மக்கள் இயல்பு. மூன்று நான்கு வரை எண்ணாமலே கண் அறியும். அதற்கு மேல் எண்ணியே அறியவேண்டும். அப்பெண்ணோ ஒன்றும் இரண்டும் சொன்னாள். மூன்றைக் காட்டியபொழுது மறைந்த அட்டை இருந்த இடத்தில் விரலால் தொட்டுத் தொட்டு எண்ண முயன்றாள். 6, 9 என்னும் இரண்டில் எது பெரிதென்றால் சரியாகவே கூறினாள். ஆயினும் விடை வருமுன் உதடுகள் அசைந்தன. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய் எது பிந்தி வருகின்றதோ அதுவே பெரிது என்று துணிகின்றாள் என விளங்கிற்று.

இந்நிலைக்கு மேனாட்டார் டிஸ்கால்குலியா என்று பெயரிட்டுள்ளனர். கிரேக்கத்தில் 'டிஸ்' என்பது குறையைக் குறிக்கும். பின்பகுதி கூழாங்கல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லினடியாகப் பிறந்தது. பழைய உரோமர் கல் வைத்தே கணக்கிட்டனர். நாம் எண்ணறிகுறை என்று வழங்கலாம். மூளையிற் காயமுற்றோர் கணக்கை இழப்பதனை முன்னரே மருத்துவர் அறிந்திருந்தனர். பிறவியிலேயே அமைந்த குறையைப் பிரித்து ஆராய்ந்து, குழந்தையின் பொதுவறிவு குன்றாதிருக்கவும் எண்ணும் ஆற்றல் மட்டும் குன்றுவது உண்டு என்று 1974-ல் விரிவாக எழுதியவர், அந்நாளைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராதிஸ்லாவா நகரத்து லாடிஸ்லாவ் கோஷ்ச் என்பார். அளவைக் கண்டறியும் தொழில், மூளையின் உச்சிப் பக்கத்து மடலிலுள்ள ஒரு பள்ளத்தைச் சார்ந்ததென்றும், இக்குறையுள்ளோர் பலரிடம் அவ்விடத்தின் அமைப்போ தொழிலோ வேறுபடுகின்றதென்றும் பின்வந்தோர் கண்டனர். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 3 முதல் 7 பேர்க்கு இஃது உண்டென்பர். நாற்பது பேர் அமரும் வகுப்பில் ஒருவரோ இருவரோ இருத்தல் கூடும்.

ஆயினும் மூளையைப் படமெடுத்து இக்குழந்தைக்கு இக்குறை உண்டு என்று கூறும் வழி இன்றுமில்லை. புள்ளியட்டையில் ஒரு நாள் தடுமாறியதும் சான்றாகாது. கண், செவி, பள்ளிவரவு, கற்பித்த மொழி இவற்றிற் குறையில்லை யென்று தெளிந்து, குழந்தைக்கேற்பத் தனியே கற்பித்து, அதன் பின்னும் இடர் நீங்காதிருந்தாலன்றி இப்பெயரைச் சூட்டலாகாது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் 2013-ல் வெளியிட்ட நூலில் ஆறு மாதமேனும் அங்ஙனம் கற்பித்துப் பார்க்கவேண்டுமென்று விதித்துள்ளனர். சிறுவனையும் சிறுமியையும் வேறுபடுத்தியது 35 என்ற விடையன்று. அதே ஈர்க்குக் கட்டு ஒருவனுக்கு ஒரு வாரத்திற் பயன்பட்டு, மற்றவளுக்கு இரண்டு மாதத்திலும் பயன்படாமற் போனதே.

கோயம்புத்தூரில் ஓர் உளவியல் வல்லுநரிடம் அவளை அழைத்துச் சென்றோம். அவர் மூன்று அமர்வுகளில் வாசிப்பு, எழுத்து, நினைவு, அறிவுக்கூர்மை, எண் என ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார். வாசிப்பு வயதிற்கு மேலாகவும், எண்ணறிவு இரண்டு வகுப்புக் கீழாகவும் இருந்தன. அவர் தந்த தாளை என் மைத்துனர் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "எட்டாவதோட நிறுத்தி டேபிளிலே உட்கார்த்திடலாம்னு இருந்தேனுங்க மாப்பிள்ளை. படிப்பு ஏறாத பிள்ளைன்னு நினைச்சேன்" என்றார். தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. யானும் பேசவில்லை; என் குட்டுக்களே என் முன் நின்றன.

இனிக் கற்பித்த முறையைக் கூறுவேன். முதலிற் செய்தது 42-ஐயும் 17-ஐயும் அறவே விட்டுவிட்டுப் பத்துக்குள்ளே இறங்கியதாகும். வகுப்பிற்குரிய பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது இத்தகைய குழந்தைக்குப் பயன் தராது. ஒழுங்கற்ற புள்ளிகளை நீக்கித் தாயக்கட்டையிலுள்ளவாறு ஒழுங்குபட்ட புள்ளிகளை எடுத்துக்கொண்டோம். பின்னர் ஓர் அட்டையில் மேல்வரிசை ஐந்து, கீழ்வரிசை ஐந்து எனப் பத்துக் கட்டம் வரைந்து, சட்டைப் பித்தான்களை அதில் அடுக்கினோம். ஏழு என்றால் மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு. பத்துக்கு இன்னும் மூன்று கட்டம் வெற்றாக நிற்கும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்றும், பத்தினின்று மூன்று குறைந்தது என்றும் எண்ணாமற் காணும் நிலை வரும்வரை நாளொன்றுக்குப் பதினைந்து நிமிஷமே இதனைச் செய்தோம். இதற்கே ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. விடுமுறைக்குப் பின் யான் ஊர் திரும்பிவிட்டமையால் தமக்கையாரே நாடோறும் நடத்தினார். வார இறுதியில் யான் வந்து பார்ப்பேன். விரல் விட்டு எண்ணுவதை நாங்கள் தடுக்கவில்லை. முன்பு தடுத்த காலத்தில் அவள் மேசையின் கீழே மறைத்து எண்ணினாள். அவ்வளவே அதனால் விளைந்தது.

இடையில் ஒரு பிழை செய்தேன். பவர் டேபிளில் உருப்படிகள் டஜன் கணக்கிலேயே கட்டப்படுகின்றன. வீட்டில் எப்பொழுதும் கண்ணிற் படுவது பன்னிரண்டின் கட்டு. வீட்டுத் தொழிலை விட்டு ஈர்க்கைத் தேடுவானேன் என்று அப்பனியன் கட்டுகளையே கொண்டு கற்பிக்க முயன்றேன். இரண்டு வாரத்தில் முன்னர்க் கற்றதும் குழம்பிற்று. எழுதும் முறை பத்தின்மேல் நிற்க, கையிலுள்ள கட்டுப் பன்னிரண்டாயிருப்பின் அவள் என் செய்வாள்? ஏனைக் குழந்தைக்கு இதனாற் கேடில்லை. அடுத்த வீட்டுச் சிறுவன் இரண்டையும் ஒருங்கே கற்றுக்கொண்டான். அவளுக்கோ பத்து நிலைபெறும் வரை டஜன் கூடாதென்று கண்டு, மறுபடியும் பித்தானுக்கே திரும்பினோம்.

அடுத்த கருவி அவள் தந்தையாரின் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தையற்காரர் இஞ்சு டேப்பின் ஒரு பக்கத்தில் ஒன்று முதல் 150 வரை சென்டிமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். எண்கள் ஒரு நேர்கோட்டில் வரிசையாக நிற்பதனையும், ஒன்றற்கொன்று உள்ள தூரத்தையும் இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. சூரிக் நகரத்து ஆராய்ச்சியாளர் 2011-ல் இக்குறையுள்ள குழந்தைகட்கு எண்கோட்டில் இடம் குறிக்கும் கணினி விளையாட்டை நாட்கு 15 நிமிஷமாக ஐந்து வாரம் பழக்கிப் பயன் கண்டனர். எங்களுக்கு டேப்பே போதுமாயிற்று. பின்புறத்தைத் திருப்பி வைத்து, "எழுபது எங்கே இருக்கும்? விரல் வை" என்பேன், பிறகு புரட்டிப் பார்ப்போம். முதலில் எழுபதை இருபதினருகே வைத்தவள், தை மாதத்திற்குள் நான்கைந்து சென்டிமீட்டர் வேறுபாட்டில் வைக்கலானாள்.

அதன் பின்னரே பழைய கணக்கை எடுத்தோம். கடன் வாங்கும் முறையை யான் கூறவில்லை. 42-ல் விரலை வை. பதினேழு என்பது பத்தும் ஏழும். பத்துப் பின்னே போ, 32. ஏழை இரண்டும் ஐந்துமாகப் பிரி. இரண்டு போனால் 30. ஐந்து போனால் 25. இதிலுள்ள உயிர்நிலை ஏழை இரண்டும் ஐந்துமாகப் பிரித்ததேயாகும். பித்தான் அட்டையில் மூன்று மாதம் கழித்தது அதற்காகவே. அந்நாளில் அவள் 25 என்று கூறிவிட்டு என் முகத்தைப் பாராமல் டேப்பையே பார்த்தாள். சரியா என்று என்னைக் கேட்கவில்லை. தானாகவே தெரிந்தது போலும்.

தமிழெண்ணுப் பெயர்களிலும் சில இடர்கள் இருந்தன. எண்பதை அடுத்து ஒன்பதிலிருந்து வரவேண்டிய சொல் 'தொண்ணூறு' என்று நூற்றில் முடிகின்றது. எண்ணூற்றை அடுத்தது 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தில் முடிகின்றது. சொல்லொலியையே பற்றிக்கொண்டு எழுதும் குழந்தை தொண்ணூற்றைக் கண்டு நூற்றுக்கு மேல் என மயங்குதல் வியப்பன்று. நூற்றைந்தை அவள் 1005 என்று எழுதி வந்தாள். நூறு, பின் ஐந்து, கேட்டவாறே எழுதினாள். நம் முன்னோரும் அங்ஙனமே நூற்றுக்குரிய குறியையும் ஐந்தின் குறியையும் அடுத்தடுத்து ௱௫ என்று எழுதினர் என்பதை நினைத்தபொழுது அவள்மேல் எனக்கிருந்த சினம் முற்றும் தணிந்தது. பழைய முறைக்கு இடமதிப்பும் சுழியமும் வேண்டா. புதிய முறைக்கு வேண்டும். 100 என்னும் நீண்ட சீட்டின்மேல் 5 என்னும் சிறு சீட்டை வலப்பக்கம் ஒட்டி வைத்துக் காட்டியபின் அப்பிழை மெல்ல மறைந்தது.

வாய்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழாம் வாய்பாட்டை அவள் பாட்டைப்போலவே ஒப்பிப்பாள். ஆனால் ஆறேழு எவ்வளவு என்றால் ஓரேழிலிருந்து தொடங்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் முதலுக்கே போவாள். பதினாறு வாய்பாட்டையும் நெட்டுருச் செய்விக்கும் முயற்சியைக் கைவிட்டு இரண்டு, ஐந்து, பத்து என்னும் மூன்றை மட்டும் உறுதியாக்கினோம். மற்றவற்றை இவற்றிலிருந்து கட்டிக்கொள்வாள். பள்ளியாசிரியர் ஒருவர் வகுப்பில் இதற்கு இசையவில்லை. மற்றொருவர் இசைந்து, கேள்விகளைக் குறைத்து நேரத்தை மிகுதியாகக் கொடுத்தார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றது என்பதை அவருக்குக் காட்டினேன். அவர் அதனை அதற்கு முன் கேள்விப்பட்டிருக்கவில்லை. யானும் கணிதம் கற்பித்த அத்தனை ஆண்டுகளாகக் கேள்விப்பட்டதில்லையே!

முன்னேற்றத்தை அளக்கச் சரியான விடைகளை எண்ணிப் பயனில்லை என்பதையும் கற்றேன். விடை சரியாயிருந்தும் உதடு அசைந்தால் இன்னும் ஒன்றிலிருந்தே எண்ணுகின்றாள் என்று பொருள். நல்ல சோதனை விடுமுறையே. முதலாண்டு தீபாவளிக்குப் பின் கற்றதிற் பாதி போய்விட்டது. பொங்கல் விடுமுறைக்குப் பின் சிறிதே போயிற்று. அடுத்த கோடைக்குப் பின் பத்துக்குட்பட்டவை ஒன்றும் போகவில்லை.

சென்ற ஜூன் மாதத்தில் அவள் எட்டாம் வகுப்பிற் சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பிற்கு எந்தப் பள்ளி என்று என் மைத்துனர் இப்பொழுதே விசாரித்து வருகின்றார். முள் கடிகாரம் இன்னும் அவளுக்குப் பகையே. பின்னங்கள் நிற்பதில்லை. மளிகைக் கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்க வெட்கமின்றிக் கைப்பேசியை எடுக்கின்றாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். எனினும் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை டேபிளில் ஏழு டஜனும் ஐந்து உருப்படியும் இருந்தன. அவள் தந்தையார் மொத்தம் எவ்வளவென்று பொதுவாகக் கேட்டார். கைமடிக்கும் பெண் கணக்கிடுமுன் இவள் மூலையிலிருந்து, "ஏழு பத்து எழுபது, ஏழு ரெண்டு பதினாலு, எண்பத்திநாலு, எண்பத்தொன்பதுங்கப்பா" என்றாள். அவர் சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டை எடுத்தார்.

பாட்டியார் இப்பொழுது அவளுடன் பல்லாங்குழி ஆட அவ்வளவாக விரும்புவதில்லை. பசுக்களெல்லாம் போய்விடுகின்றனவாம்.